ஷ்யாமளா திரும்பக் கேட்ட மெயில்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மொத்தம் ஐந்து மேசைகள்தான். கம்ப்யூட்டர் ஆட்களை வெளிக் கம்பெனிகளுக்கு அனுப்புகிற கன்சல்டிங் நிறுவனம் அது. அனுப்பப்பட்டவர்கள் நாற்பது பேர் எங்கெங்கோ இருந்தார்கள். அவர்களுடைய விசா, சம்பளம், விடுப்பு, குழந்தை பிறந்தால் இன்ஷூரன்சில் பெயர் சேர்ப்பது, எல்லாமே ஷ்யாமளா அக்காவின் மேசை வழியாகத்தான் போகும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் கணவர் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். அந்த வழியில் எங்களுக்குப் பச்சை அட்டை, அதாவது கிரீன் கார்டு, முன்பே வந்திருந்தது. ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தெரியும், அது போதும் என்று ஷ்யாமளா அக்காதான் என்னை வேலைக்குச் சேர்த்தார். கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்குவது, நகல் எடுப்பது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டியை ஒட்டுவது என் வேலை. யாரோடும் அதிகம் பேச மாட்டேன். பேசாதவள் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை.

ஷ்யாமளா அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சென்னை நங்கநல்லூர்க்காரர். கணவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. முதலில் ஃபோன் வந்தது, பிறகு அதுவும் இல்லை. மகள் ரக்‌ஷா பத்தாம் வகுப்பில் இருந்தாள். அக்காவின் விசாவும் இந்தக் கம்பெனிதான் கொடுத்தது. பச்சை அட்டைக்கான முதல் படி, எல்லாரும் 'லேபர்' என்று சொல்லும் காகிதம், இந்தக் கம்பெனியின் பெயரில்தான் அரசாங்கத்திடம் போயிருந்தது. வேலை போனால் அதுவும் போகும். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகும். இதை அக்கா யாரிடமும் சொல்லிக்கொண்டது கிடையாது. ஆனால் முதலாளியின் கார் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அது போதும் எனக்கு.

முதலாளி பெயர் குமாரசாமி. அலுவலகத்தில் எல்லாருக்கும் 'சார்'. கோயம்புத்தூர்ப் பக்கம். அவருடைய அப்பா பெயர் பழனியப்பன். ஊரில் பி. குமாரசாமி என்று எழுதியவர், இங்கே வந்து இனிஷியலை விரித்து முன்னால் போட்டு, குமாரசாமியைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படி. மீதிப் பேர் தன் பெயரை முன்னால் வைத்து அப்பா பெயரைக் கடைசியில் வைப்பார்கள். அதனால் என் கோப்பு அலமாரியில் 'கே' எழுத்தில் இரண்டு குமாரசாமிகள். ஒருவர் சார். இன்னொருவர் கோபிச்செட்டிபாளையத்துத் திருமூர்த்தி. அவனுடைய அப்பா பெயர் குமாரசாமி. அலமாரியில் நான் இரண்டுக்கும் நடுவே ஒரு நீல அட்டை சொருகி வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் அப்படிச் சொருக முடியாது.

இரண்டாயிரத்து ஒன்று, மார்ச் கடைசி. பெரிய கம்பெனிகள் வரிசையாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். திருமூர்த்தி போய்க்கொண்டிருந்த மருந்துக் கம்பெனியிலிருந்து ஏப்ரல் முப்பதோடு அவன் வேண்டாம் என்று தகவல் வந்தது. அந்தத் தகவல் அவனுக்குப் போகவில்லை, சாருக்கு வந்தது. இடையில் ஒரு மாதம் அவன் தன் வேலையை அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் வேறு வேலை தேடிக்கொண்டு பாதியில் போய்விடுவான் என்று சார் சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது. வெளியே வேலை இல்லாமல் 'பெஞ்சில்' உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கம்பெனி சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். ஆனால் அவனே சொந்தக் காரணத்துக்காக லீவு கேட்டு எழுதிக் கொடுத்தால் கொடுக்க வேண்டாம். அதனால் பெஞ்சுக்கு வரப்போகிறவனிடம் அப்படி ஒரு கடிதத்தில் முன்னாலேயே கையெழுத்து வாங்கிவிடுவது சாரின் வழக்கம். விசா நீட்டிப்புக்காக நிறையத் தாள்களில் கையெழுத்துப் போட வருவார்கள் இல்லையா, அந்தக் கட்டின் நடுவில் இதுவும் ஒன்றாக இருக்கும். ஒட்டியைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். அதுவரை மூன்று பேர் அப்படிப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டிகளை ஒட்டியவள் நான்தான். மூன்றாவது ஆளுக்குத்தான் அது என்ன தாள் என்று எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷ்யாமளா அக்கா சாருக்கு ஒரு மெயில் எழுதினார். சார் அன்று பக்கத்து ஊரான எடிசனில் இருந்தார். அக்கா பிறகு எனக்குப் படித்துக் காட்டினார். நீங்கள் சொன்னபடி திருமூர்த்தியின் லீவுக் கடிதம் ஏப்ரல் முப்பது தேதியிட்டுத் தயார். கிளையன்ட் அவனை வேலையிலிருந்து அனுப்பப்போவது அவனுக்கு இன்னும் தெரியாது. விசா தாள்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அவன் படிக்க மாட்டான், நான் காட்டுகிற இடத்தில் போடுவான், என்னை நம்புகிறவன். இவ்வளவுதான்.

பெறுபவர் கட்டத்தில் குமாரசாமி என்று அடித்து அனுப்பிவிட்டார்.

அந்த மெயில் நிரலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதல் தடவை யார் என்று கேட்கும். ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அடுத்த தடவை அதே எழுத்துகளை அடித்ததும் கேட்காமல் அவரையே போட்டுக்கொள்ளும். அடியில் பச்சையாக ஒரு புள்ளிக்கோடு மட்டும் வரும். முந்தின நாள் மாலை அக்கா திருமூர்த்திக்கு டைம்ஷீட் கேட்டு ஒரு மெயில் அனுப்பியிருந்தார். அப்போது அவனைத் தேர்ந்தெடுத்தது அப்படியே நின்றுவிட்டது.

அக்கா அதை உடனே கண்டுபிடித்தார். அனுப்பியவை பக்கத்தில் போய்ப் பார்த்தவர், "ஐயோ" என்றார். சத்தமாக இல்லை. நான் நகல் எடுக்கிற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

"சுந்தரராமன்! இங்க வாயேன். சீக்கிரம்."

சுந்தரராமன் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையும் மெயில் சர்வரையும் பார்த்துக்கொள்கிறவர். காபி டம்ளரோடு வந்தார்.

"மாமி, என்ன, மறுபடியும் பிரிண்டரா?"

"விளையாடாதே. ஒரு மெயில் தப்பா போயிடுத்து. அனுப்பினதத் திரும்ப எடுக்க ரீகால்னு இருக்கே, அத அமுக்கிட்டேன். படிக்காத காப்பிய அழிச்சிடு, அழிஞ்சுதா இல்லையான்னு சொல்லுன்னும் டிக் பண்ணேன். ஒண்ணும் வரல."

"யாருக்குப் போச்சு?"

அக்கா குரலைத் தாழ்த்தினார். "திருமூர்த்திக்கு."

சுந்தரராமன் டம்ளரை மேசையில் வைத்தார். "அவன் கிளையன்ட் இடத்துல உக்காந்து பிரௌசர்லதானே நம்ம மெயிலப் பாக்கறான்? ரீகால் வேலை செய்யணும்னா அவன் நம்மள மாதிரி அவுட்லுக்கத் தொறந்து வெச்சிருக்கணும். மெயில படிக்காம இருக்கணும். பிரௌசர்ல பாக்கறவனுக்கு ரீகால்ங்கறது வெறும் இன்னொரு மெயில். முதல் மெயில் அப்படியே கிடக்கும். அதுக்கு மேல, ஷ்யாமளா இந்த மெயில திரும்ப எடுக்க விரும்பறாங்கன்னு ஒண்ணு போய் உக்காந்திருக்கும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, வாரத்துக்கு ஒரு தடவ மெயில் பாக்கறவனக் கையப் புடிச்சு இழுத்து, இதப் படிடான்னு காட்டியிருக்கீங்க."

அக்காவின் முகம் போன விதத்தைப் பார்த்து அவர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். "நான் வேணும்னா சர்வர்லேர்ந்து அவன் மெயில்பாக்ஸத் தொறந்து எடுத்துடலாம். பண்ண முடியும். ஆனா சார் சொல்லாம நான் இன்னொருத்தர் மெயில்பாக்ஸத் தொட மாட்டேன். சாருக்கு ஒரு ஃபோன் போடுங்க, ரெண்டு நிமிஷம்."

"சார் வேண்டாம்," என்றார் அக்கா.

சார் என்ன செய்வார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். போன வருஷம் ஷிப்பிங் லேபிளில் முகவரி மாற்றி ஒட்டிய பெண்ணை அன்று சாயங்காலமே வேலையை விட்டு அனுப்பியவர்.

அக்கா திருமூர்த்தியின் மேசைக்கு ஃபோன் போட்டார். அவன் எடுத்தான். அக்கா ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் அவனுடைய குரல் எனக்குக் கேட்டது.

"திருமூர்த்தி, அக்கா பேசறேன். ஒரு மெயில் தப்பா வந்திருக்கும் பாரு, அதத் தொறக்காம டெலீட் பண்ணிடு, என்ன?"



"தொறந்துட்டனுங்க்கா," என்றான்.

மறுநாள் மதியம் அவனே வந்தான். முப்பது வயசு இருக்கும். எங்கள் பக்கத்து ஆள் என்பதால் என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அக்கா" என்று கேட்காமல் போக மாட்டான். அன்று கேட்கவில்லை. அவன் மனைவி வான்மதிக்கு அப்போது ஏழு மாதம். அவள் இங்கே வந்த புதிதில் வாந்தி நிற்காமல் கிடந்தபோது, நடு ராத்திரி என்று பார்க்காமல் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது ஷ்யாமளா அக்காதான். ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். அதெல்லாம் பொய் இல்லை.

அவன் நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் படிக்க மாட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"திருமூர்த்தி..."

"நெசந்தானுங்க்கா. நான் படிக்க மாட்டேன். நீங்க எங்க காட்டறீங்களோ அங்க போட்டிருப்பேன். அதுதான் ராத்திரி பூரா தூக்கம் வரல. வேலை போறது பெருசில்ல. எல்லாருக்குந்தான் போகுது."

அக்கா அழவில்லை. மெதுவாகப் பேசினார். இந்த மெயில் வெளியே போனாலும் சரி, சாருக்குத் தெரிந்தாலும் சரி, தனக்கு அன்றே கடைசி நாள் என்றார். லேபர் காகிதம் பதினாறு மாதமாக நிற்கிறது என்றார். ரக்‌ஷாவைப் பற்றிச் சொன்னார். "நான் அவர் சொல்றதப் பண்றவடா. எனக்கு வேற வழி இருந்தா பண்ணுவேனா?"

"என்னோட சிநேகிதன் ஒருத்தன், இத பிரிண்ட் எடுத்து லேபர் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்புடாங்கறான்."

"அனுப்பிட்டியா?"

"இல்லீங்க்கா."

"பிரிண்ட் எடுத்தியா?"

"இல்லீங்க. எதுக்குப் பொய் சொல்றேன்? எனக்கு அந்த லெட்டர் வேண்டாம், அவ்வளவுதான். ஜூன்ல விசா முடியுது. வான்மதிக்கு அப்பத்தான் கொழந்த. பெஞ்சுல உக்காந்தாலும் சட்டப்படி சம்பளம் வரணும். ரெண்டு மாசத்துல வேற எடம் பாத்துக்கறேன். அந்த லெட்டர எம்முன்னால வெக்காதீங்க, நான் மெயில அழிச்சிடறேன்."

"வெக்க மாட்டேன். ரக்‌ஷா மேல..."

"அதெல்லாம் வேண்டாங்க்கா," என்று அவசரமாகக் குறுக்கிட்டான். "கொழந்த மேலயெல்லாம் சத்தியம் பண்ண வேண்டாம். நீங்க சொன்னாப் போதும்."

"சொல்றேன். வெக்க மாட்டேன்."

அவன் அக்காவின் கம்ப்யூட்டரிலேயே குனிந்து, பிரௌசரில் தன் பெயரைப் போட்டு உள்ளே போனான். இரண்டு மெயிலையும் அழித்தான். பிறகு அழித்தவை சேர்கிற இடத்துக்கும் போய் அதையும் காலி செய்தான். திரையை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினான். எனக்கும் தெரிந்தது. வெள்ளையாக இருந்தது.

போகும்போது என்னிடம் தலையசைத்தான்.

அவன் போனபின் சுந்தரராமன் வந்தார். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்ல பையன். நானா இருந்தா ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்பேன்," என்றார்.

"அவன் எல்லாத்தையும் காலி பண்ணிட்டான்."

"காலி பண்ணாலும் சர்வர்ல ஏழு நாள் இருக்கும் மாமி. யாராவது தெரியாம அழிச்சிட்டா எடுத்துக் குடுக்கறதுக்காக நான்தான் அப்படி வெச்சிருக்கேன். அவன் வந்து கேட்டான்னா, அவனோட மெயில்தானே, நான் எடுத்துக் குடுத்துத்தான் ஆகணும்."

"அவனுக்கு அது தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? ஆபீஸ்ல பாதிப் பேருக்கு ஸ்பெல்செக் எங்க இருக்குன்னே தெரியாது."

"ஏழு நாளுக்கு அப்புறம்?"

"அப்புறம் நானே நெனச்சாலும் கஷ்டம்."

அக்கா தலையாட்டினார். அவர் கேட்டது சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருந்தது. அப்போது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அந்த லீவுக் கடிதத்தைக் கட்டிலிருந்து உருவி இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை.

சார் தினமும் கேட்டார். வியாழன் கேட்டார். வெள்ளி கேட்டார். "ஏம்மா, அந்தத் திருமூர்த்தி பையன்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சா?" வக்கீலிடமிருந்து தாள்கள் இன்னும் வரவில்லை என்று அக்கா சொன்னார். தாள்கள் என் மேசையில் இருந்தன. திங்கள் கேட்டபோது, வான்மதிக்கு உடம்பு சரியில்லை, அவன் வர முடியவில்லை என்றார். பொய் சொல்லும்போது அக்காவின் வலது கை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும். அந்த வாரம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. இவர் தனக்காக இல்லாமல் இன்னொருவனுக்காக எவ்வளவு தாங்குகிறார் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் அவருக்கென்று எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன்.

செவ்வாய் மாலை சார் அக்காவின் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"என்ன ஷ்யாமளா, உங்க லேபர் என்னாச்சு? வக்கீல் ஏதோ கம்பெனி லெட்டர் புதுசா வேணும்னு கேட்டாரே. நான் கையெழுத்துப் போடணுமில்ல?"

"ஆமா சார்."

"போட்டுக்கலாம். திருமூர்த்தியோடதும் சேத்து எடுத்துட்டு வாங்க, ஒண்ணாப் போட்டுடறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். புதன்கிழமை அக்கா சாரிடம் எதுவும் சொல்லவில்லை. திருமூர்த்தியையும் கூப்பிடவில்லை. வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவனுக்கு ஃபோன் போட்டு, விசா தாள்கள் தயார், மதியம் வந்துவிடு என்றார். அவன் மெயிலை அழித்து எட்டு நாள் ஆகியிருந்தது.

ஃபோனை வைத்ததும் அந்தக் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுக்கும் ஒட்டிடு, ராமாத்தா."

நான் வாங்கினேன். "அக்கா, வெக்க மாட்டேன்னீங்களே," என்று கேட்க நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. எனக்கும் அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. ஒட்டினேன். ஆனால் நடுவில் சொருகாமல் மேலே வைத்தேன், முதல் தாளாக. என்னால் முடிந்தது அவ்வளவுதான். அக்கா பார்த்தார், மாற்றவில்லை.

திருமூர்த்தி வந்து உட்கார்ந்தான். முதல் தாளைப் படித்தான். முழுக்கப் படித்தான். சொந்தக் காரணங்களுக்காக, என் சொந்த விருப்பத்தின் பேரில், சம்பளமில்லா விடுப்பு. பிறகு பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான்.

"அக்கா."

"அவர் விடல, திருமூர்த்தி. இது இல்லாம உன் விசா பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறார். என்னோடதுலயும். என்னால முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போட்டேன். ராமாத்தாள வேணும்னா கேளு."

அவன் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

"அந்த மெயில் எங்கிட்ட இருந்திருந்தா இத எம்முன்னால வெச்சிருப்பீங்களாக்கா?"

அக்கா பேனாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கேக்கறன்ல? வெச்சிருப்பீங்களா?"

"போடுப்பா. ஜூன்ல விசா முடியறது. இப்ப இத விட்டா அவர் எக்ஸ்டென்ஷனே அனுப்ப மாட்டார்."

"தெரியுமுங்க," என்றான். "அதனாலதான போடறேன்."

அவன் அவசரப்படவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு விசா தாள்கள் ஒவ்வொன்றையும் படித்துப் படித்துப் போட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அக்கா எதிரில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான்.

மே மாதம் அவனுக்குச் சம்பளம் வரவில்லை. ஜூனிலும் இல்லை. வேலை தேடினான்; அந்த வருஷம் யாருக்குக் கிடைத்தது? வான்மதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெண்பா என்று பெயர் வைத்தார்கள். ஆகஸ்டில் மூன்று பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் இரண்டு தடவை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தான். நான்தான் எடுத்தேன். அக்கா தலையை அசைத்தார், இல்லை என்று சொல்லச் சொல்லி. சொன்னேன். இரண்டாவது தடவை அவன், "சரிங்க்கா, நீங்க நல்லா இருங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தான்.

நவம்பரில் அக்காவின் லேபர் வந்தது. அன்று அலுவலகத்துக்குக் கேசரி செய்து கொண்டுவந்தார். சுந்தரராமன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மதியம் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது அக்கா தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"நான் தாங்கினேன் ராமாத்தா. நீ பாத்தியே. எட்டு நாள் தாங்கினேன். அதுக்கு மேல முடியல."

ஆமாம் என்றேன்.

அவர் தாங்கியதும் உண்மை. அந்த வாரம் பேனா மூடி பட்ட பாட்டை நான் கேட்டேன். ஆனால் ஏழு நாள் சர்வரில் இருக்கும் என்று சுந்தரராமன் சொன்னபோதும் நான் அங்கேதான் நின்றேன். அந்த எட்டு நாளும் அக்கா சாரைத் தள்ளிப் போட்டாரா, இல்லை திருமூர்த்தி கேட்டால் கிடைக்கக்கூடிய கடைசி நகலும் அழியட்டும் என்று காத்திருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம். கேசரி நன்றாகத்தான் இருந்தது. நெய்யும் முந்திரியும் தாராளமாகப் போட்டிருந்தார். நான் சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.